ஐந்தாம் ஆண்டு முடியுமுன் வேலை மாறலாமா?

"இப்போதைய நிறுவனத்தில் 4 ஆண்டு 7 மாதம் முடித்திருக்கிறேன். முந்தைய நிறுவனத்தில் 5 ஆண்டு 2 மாதம், அந்த பி.எஃப் கணக்கை இன்னும் மாற்றவில்லை. அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் 39,000 ரூபாய். புதிய நிறுவனம் அடுத்த மாதமே சேரச் சொல்கிறது. பழைய பி.எஃப் பணத்தை எடுத்துவிட்டுப் போகலாமா, சில மாதம் பொறுக்கலாமா?"

ஐந்து ஆண்டு பணி முடித்து விலகுபவருக்கு நிறுவனம் தரும் பணிக்கொடையான கிராஜுவிட்டிக்காக ஐந்து மாதம் பொறுப்பதே நல்லது. பழைய கணக்கிலிருந்து பணத்தை எடுக்கவே வேண்டாம்.

ஆறு மாதத்துக்கு மேல் போனால் முழு ஆண்டாகக் கணக்கிடுவார்கள் என்று நம்பிப் பலர் 4 ஆண்டு 7 மாதத்தில் ராஜினாமா செய்துவிடுகிறார்கள். அந்த விதி கிராஜுவிட்டித் தொகையைக் கணக்கிடுவதற்கு மட்டுமே. நிரந்தர ஊழியர் அதைப் பெறும் தகுதியை அடைய ஐந்து ஆண்டுத் தொடர் பணி வேண்டும். ஐந்தாம் ஆண்டில் 240 நாள் பணி செய்திருந்தால், வாரம் ஆறு நாளுக்குக் குறைவாக இயங்கும் நிறுவனமானால் 190 நாள் பணி செய்திருந்தால், அதுவே போதும் என்ற வாதத்தை மேட்டூர் பியர்ட்செல் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் ஏற்றிருக்கிறது. ஆனாலும் முழு ஐந்து ஆண்டு கேட்டு மறுக்கும் நிறுவனங்கள் உண்டு என்பதால், வழக்காடும் நிலைக்குப் போகாமலிருப்பதே மேல். உங்கள் சம்பளத்தை 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கினால் ஆண்டுக்கு 22,500 ரூபாய். ஐந்து ஆண்டுக்கு 1,12,500 ரூபாய். புதிய நிறுவனத்தில் இந்தக் கணக்கு மீண்டும் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். அவர்கள் காத்திருக்க மறுத்தால், இந்தத் தொகையைச் சேரும்போதே தரும்படி கேளுங்கள்.

பி.எஃப்-உடன் சேர்ந்த ஓய்வூதியக் கணக்கு இதற்கு நேர்மாறானது. அது நிறுவனம் மாறினாலும் தொடரும். அதற்குத் தேவையான பணிக்காலம் பத்து ஆண்டு. ஒன்பதரை ஆண்டு இருந்தாலே பத்தாக எடுத்துக்கொள்வார்கள். இரண்டு வேலைகளையும் சேர்த்தால் உங்களுக்கு 9 ஆண்டு 9 மாதம் ஆகிவிட்டது. பழைய ஓய்வூதியப் பணத்தைப் படிவம் 10சி வழியாக எடுத்துவிட்டால் அந்த 5 ஆண்டு 2 மாதமும் அழிந்துபோகும். எடுக்காமல் மாற்றினால், ஓய்வூதியத்துக்குக் கணக்கில் கொள்ளும் 15,000 ரூபாய் சம்பள வரம்பில் பத்து ஆண்டுக்கு, 58 வயதிலிருந்து மாதம் ஏறத்தாழ 2,143 ரூபாய் கிடைக்கும். தொகை சிறிதுதான், ஆனால் இனி சேரும் ஒவ்வோர் ஆண்டும் அதைக் கூட்டும், உங்களுக்குப் பின் துணைவருக்கும் ஓய்வூதியம் உண்டு.

இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. 1-9-2014-க்குப் பிறகு 15,000 ரூபாய்க்கு மேற்பட்ட சம்பளத்தில் புதிதாகச் சேருவோருக்கு ஓய்வூதியத் திட்டம் கிடையாது. பழைய உறுப்பினராக நீங்கள் அதில் தொடரலாம். ஆனால் சேரும்போது தரும் படிவம் 11-இல் முந்தைய ஓய்வூதிய உறுப்பினர் நிலையைக் குறிப்பிடத் தவறினால், உங்களைப் புதியவராக எண்ணி ஓய்வூதியப் பங்கைச் செலுத்தாமல் விட்டுவிடுவார்கள். பி.எஃப் பாஸ்புக்கில் ஓய்வூதியப் பத்தியில் மாதந்தோறும் 1,250 ரூபாய் வருகிறதா என்று இப்போதே பாருங்கள். அடுத்து, பி.எஃப் உறுப்பினர்களுக்கான யு.ஏ.என் தளத்தின் Service History பகுதியில் முந்தைய நிறுவனத்தை விட்டு விலகிய தேதி பதிவாகியிருப்பதை உறுதிசெய்துகொண்டு, கணக்கு மாற்றத்துக்கு விண்ணப்பியுங்கள்.