60 வீதச் சான்றிதழும் பரீட்சைச் சலுகையும்

கேள்வி: ஐயா, என் மகனுக்குப் பெருமூளை வாதம். வலது கை பிறப்பிலிருந்தே ஒழுங்காக இயங்குவதில்லை. இடது கையால் சாப்பிடுகிறான், தனியாகப் பஸ்ஸில் பாடசாலைக்குப் போகிறான். இந்த முறை க.பொ.த. சாதாரண தரம் எழுதுகிறான். தனியார் வைத்தியர் ஒருவர் 60 வீத இயலாமை என்று சான்றிதழ் தந்திருக்கிறார். பிரதேச செயலகத்திலும் பதிந்திருக்கிறோம். அப்படியிருந்தும் பரீட்சைத் திணைக்களம் மேலதிக நேரம் மட்டும் தந்து, அவன் சொல்வதைக் கேட்டு எழுத ஆள் தர மறுத்துவிட்டது. அதிபர் அக்கறையில்லாமல் விண்ணப்பத்தை அனுப்பினார் என்று நினைக்கிறேன். ஆசிரியர் ஒருவர் பிள்ளையின் முன்னாலேயே "இவனுக்கு எதற்குப் பரீட்சை" என்று கேட்டார். அவன் இரண்டு நாள் சாப்பிடவில்லை. கொடுப்பனவுக்கும் விண்ணப்பித்திருக்கிறோம்; பதில் இல்லை. யார் மீது வழக்குப் போடலாம்? ஆவணங்களின் பிரதிகளை இணைத்திருக்கிறேன். – சாவகச்சேரி வாசகர்

பதில்: அந்த ஆசிரியர் சொன்னது அநியாயம். அதை எழுத்தில் வலயக் கல்விப் பணிமனைக்குக் கொடுங்கள். ஆனால் அதை வைத்து எழுத ஆள் கிடைக்காது. அதிபரின் அக்கறையின்மையையும் ஒதுக்கி வையுங்கள். நீங்கள் அனுப்பிய பிரதிகளின்படி விண்ணப்பம் முடிவுத் திகதிக்கு முன்னரே கொழும்புக்குப் போயிருக்கிறது. அவர் மீது வழக்குப் போட அதில் எதுவும் இல்லை.

சட்டப்படி முக்கியமான ஒரு விடயம்தான் இருக்கிறது. பரீட்சை விண்ணப்பத்தோடு போன வைத்திய அறிக்கையில் உங்கள் மகனால் எழுத முடியாது என்று எந்த இடத்திலும் இல்லை. "பெருமூளை வாதம், வலது கை பலவீனம், தயவுசெய்து சலுகை வழங்கவும்" என்று மூன்றே வரிகள். பலவீனமான கை மெதுவாக எழுதும் கை. அந்த அறிக்கையை மட்டும் படிக்கும் அதிகாரி மேலதிக நேரம்தான் தருவார். அவருடைய இடத்தில் நான் இருந்தாலும் அதற்கு மேல் கொடுக்க எனக்கு ஆதாரம் இருந்திருக்காது.

60 வீதத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இங்கே பலர் அந்த எண்ணை நம்பிப் பணம் செலவழிக்கிறார்கள். இந்தியாவில் 2016ஆம் ஆண்டுச் சட்டம் 40 வீதம் என்று ஓர் எல்லை வைத்திருக்கிறது. அங்கே அதிகாரம் பெற்ற வைத்திய அதிகாரி தரும் ஒரே சான்றிதழ் பல இடங்களில் செல்லும். இணையத்தில் தமிழில் கிடைக்கும் விளக்கங்களில் பெரும்பாலானவை அந்தச் சட்டத்தைப் பற்றியவை. இலங்கையில் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்க, வலுவிழந்தோரின் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டத்தில் வீதமே இல்லை. உடல் அல்லது உளக் குறைபாட்டால் தன் வாழ்க்கைத் தேவைகளை முழுமையாகவோ பகுதியாகவோ தானே நிறைவேற்றிக்கொள்ள இயலாதவர் என்பதுதான் அங்குள்ள வரைவிலக்கணம். நமது நீதிமன்றங்களில் வீதக் கணக்கை நீங்கள் காண்பது பெரும்பாலும் வேலையாள் நட்டஈட்டு வழக்குகளிலும் விபத்து வழக்குகளிலும்தான். அது உழைக்கும் ஆற்றல் எவ்வளவு குறைந்தது என்ற கணக்கு. சாதாரண தர மாணவனுக்கு அது எதையும் நிறுவாது.

ஆகவே எல்லா இடத்துக்கும் செல்லும் ஒரு சான்றிதழைத் தேடாதீர்கள். கொடுப்பனவுக்குக் கிராம அலுவலர், பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தர் வழியாகப் போகும் படிவத்தில் அரச வைத்திய அதிகாரி எழுத வேண்டும். இயலாமையோடு குடும்ப வருமானமும் அங்கே பார்க்கப்படும். பரீட்சைச் சலுகையைத் தீர்மானிப்பவர் பரீட்சை ஆணையாளர் நாயகம். அவருக்குப் பாடசாலை அதிபர் ஊடாக, அரச வைத்தியசாலை நிபுணரின் அறிக்கையோடு போக வேண்டும். பிரதேச செயலகப் பதிவு அவரைக் கட்டுப்படுத்தாது. அவர் தரும் சலுகை பின்னாளில் பல்கலைக்கழக அனுமதிக்கும் செல்லாது. அதற்குப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு தனியே விண்ணப்பம் கேட்கும். ஒவ்வோர் இடத்திலும் கேள்வி வேறு. கேட்ட கேள்விக்கு வைத்தியர் பதில் எழுதினாரா என்பதை நீங்கள் பார்க்க வேண்டும்.

இப்போது செய்ய வேண்டியது. யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலையில் மகன் பார்க்கப்படும் கிளினிக்கின் நிபுணரிடம் கிளினிக் அட்டையோடும், இரண்டு தவணைப் பரீட்சை விடைத்தாள்களோடும் போங்கள். தொழில்வழிச் சிகிச்சையாளர் முன்னிலையில் மகன் எழுதிக் காட்டட்டும். எத்தனை நிமிடம் தொடர்ந்து எழுதுகிறான், எப்போது விரல்கள் இறுகுகின்றன, மீண்டும் எழுத எவ்வளவு ஓய்வு தேவை, எழுதியதை மற்றவர் வாசிக்க முடிகிறதா என்பவை அறிக்கையில் வர வேண்டும். உதாரணமாக, கால் மணித்தியாலம் எழுதியதும் கை இறுகி, அதே அளவு நேரம் ஓய்வு தேவைப்பட்டால், மூன்று மணித்தியாலக் கணிதம் இரண்டாம் வினாத்தாளுக்கு அவனுக்கு ஏறத்தாழ ஆறு மணித்தியாலம் வேண்டும். அந்த அளவு மேலதிக நேரத்தை எந்தத் திணைக்களமும் தராது. நேரம் கூட்டி இந்தக் குறையைத் தீர்க்க முடியாது, எழுத ஆள் தேவை என்பது அப்போது அறிக்கையிலேயே தெரியும். கேத்திரகணித வரைதலைப் பற்றியும் அறிக்கையில் எழுதும்படி நிபுணரிடம் சொல்லுங்கள். ஒரு கையால் அடிமட்டத்தைப் பிடித்து மறு கையால் கோடு வரைய முடியாதவனுக்கு அந்த வினாவில் என்ன ஏற்பாடு என்று இப்போதே கேட்காவிட்டால், பரீட்சை மண்டபத்தில் மேற்பார்வையாளரால் எதுவும் செய்ய முடியாது.

இந்த அறிக்கையோடு மீள்பரிசீலனைக் கோரிக்கையை அதிபரின் கையொப்பத்துடன் அனுப்புங்கள். அதனால்தான் அதிபரோடு சண்டை வேண்டாம் என்கிறேன். அவர் கையொப்பம் இல்லாமல் பாடசாலைப் பரீட்சார்த்தியான உங்கள் மகனின் கோரிக்கை ஓர் அங்குலம் நகராது. வழக்கறிஞர் கடிதம் அனுப்பிய மறுநாளிலிருந்து அதிபர்கள் எல்லாவற்றையும் வலயக் கல்விப் பணிமனையைக் கேட்டுத்தான் செய்கிறேன் என்று ஒதுங்கிவிடுவதை நிறையப் பார்த்திருக்கிறேன். நேரில் போய்ப் பேசுங்கள். சமாதானமாகப் போங்கள். இதை இறங்கிப்போவதாக எடுக்க வேண்டாம். பிள்ளைக்கு இப்போது அந்தக் கையொப்பம் தேவை.

நான் அதிகம் அஞ்சுவது நீங்கள் கேட்காத ஒன்றைப் பற்றி. கொடுப்பனவுப் படிவத்தின் பிரதியில், "எந்த வேலையையும் தானாகச் செய்ய இயலாதவர், முழுநேரமும் பிறரில் தங்கியிருப்பவர்" என்று எழுதப்பட்டிருக்கிறது. நீங்களும் கையொப்பமிட்டிருக்கிறீர்கள். உங்கள் மகன் இடது கையால் சாப்பிடுகிறான், தனியாகப் பஸ்ஸில் பாடசாலைக்குப் போகிறான் என்று உங்கள் கடிதமே சொல்கிறது. 2025 வரவு செலவுத் திட்டத்தில் 7,500 ரூபாயிலிருந்து 10,000 ரூபாயாக உயர்த்தப்பட்ட அந்தக் கொடுப்பனவு குடும்பத்துக்கு எவ்வளவு பெரிது என்பது எனக்குத் தெரியும். யாரோ ஒருவர் "கூட்டி எழுதினால்தான் கிடைக்கும்" என்று சொல்லியிருப்பார். அந்த ஆலோசனையால் கெட்டவர்களை நான் என் அலுவலகத்தில் சந்திக்கிறேன்.

ஒரு கட்சிக்காரரைச் சொல்கிறேன். காலில் இயலாமையுள்ள பெண், நன்றாகப் படித்தவர். 1988ஆம் ஆண்டின் 27/88 இலக்கப் பொதுநிர்வாகச் சுற்றறிக்கை அரச வேலை வெற்றிடங்களில் 3 வீதத்தை இயலாமையுடையோருக்கு ஒதுக்கச் சொல்கிறது. ஆனால் அந்த வேலையின் கடமைகளைச் செய்ய இயலாமை தடையாக இருக்கக்கூடாது என்ற நிபந்தனையும் அதில் இருக்கிறது. அவர் தெரிவானார். அவருடைய பழைய கொடுப்பனவுக் கோவையில் "நடமாட இயலாதவர், எந்த வேலையும் செய்யார்" என்று இருந்தது யாரோ ஒருவரின் மொட்டைக் கடிதத்தால் வெளியே வந்தது. விளக்கம் கேட்டார்கள். அந்த வரி பொய் என்று சொன்னால் பெற்ற பணத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். உண்மை என்று சொன்னால் வேலை இல்லை. நாங்கள் விளக்கம் எழுதி முடிக்கும் முன்னே அந்த வெற்றிடம் வேறொருவரால் நிரப்பப்பட்டுவிட்டது. அவருடைய தந்தை உங்களைப் போலவே பிள்ளைக்காகத்தான் கையொப்பமிட்டிருந்தார்.

உங்கள் மகனின் விடயத்தில் இந்த முரண்பாடு இன்னும் முன்னதாகவே வெடிக்கலாம். "எதையும் செய்ய இயலாதவர்" என்ற படிவமும் "கால் மணித்தியாலம் எழுதுவார்" என்ற அறிக்கையும் ஒரே வைத்தியசாலையிலிருந்து வந்தால், இரண்டில் ஒன்றைச் சந்தேகிக்க எந்த அதிகாரிக்கும் உரிமை உண்டு. விண்ணப்பம் இன்னும் தீர்மானிக்கப்படாதது உங்கள் நல்ல காலம். சமூக சேவை உத்தியோகத்தரிடம் போய், விபரம் தவறாகப் பதியப்பட்டுள்ளது, புதிய வைத்திய அறிக்கையின்படி திருத்த விரும்புகிறேன் என்று எழுத்தில் கொடுத்துப் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். சட்ட வரைவிலக்கணத்தில் "பகுதியாகவோ" என்ற சொல் இருக்கிறது. சட்டை பொத்தானைப் போட, சோற்றைப் பிசைய, எழுத உதவி தேவைப்படுகிறவன் பொய் சொல்லாமலே அதற்குள் அடங்குவான்.

வழக்கு என்று கேட்டீர்கள். திணைக்களத்தின் மறுப்புக்கு எதிராக அடிப்படை உரிமை மீறல் மனுவை அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரையின்படி ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும். அந்த மாதத்துக்குள் யாழ்ப்பாணத்திலுள்ள மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகத்தில் முறைப்பாடு செய்தால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் கணக்கில் சேராது. முறைப்பாட்டின் பற்றுச்சீட்டு மட்டும் போதாது, விசாரணை நடப்பதைக் காட்ட வேண்டும். எனவே ஆணைக்குழு அனுப்பும் ஒவ்வொரு கடிதத்தையும் வைத்திருங்கள். திணைக்களத்தின் முடிவை ரத்துச் செய்யக் கேட்கும் ரிட் மனுவை யாழ்ப்பாண மேல் நீதிமன்றத்தில் போடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பரீட்சைத் திணைக்களம் மத்திய அரசின் கீழானது. அதற்கெதிரான ரிட் கொழும்பில் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின் 24ஆம் பிரிவு மாகாண மேல் நீதிமன்றத்துக்கு வழி திறக்கிறது என்பது உண்மை. ஆனால் அது 23ஆம் பிரிவில் சொல்லப்பட்டவற்றுக்கு, அதாவது வேலைக்கு ஆட்சேர்ப்பு, கல்வி நிறுவன அனுமதி, பொது இடங்களில் நுழைவு ஆகியவற்றுக்குத்தான்.

என் வெளிப்படையான ஆலோசனை: இப்போது வழக்குப் போடாதீர்கள். மூன்று வரி அறிக்கையோடு நீதிமன்றம் போனால், கையில் இருந்த ஆதாரப்படி திணைக்களம் சரியாகத்தான் தீர்மானித்தது என்ற பதில் வரும். அது உங்கள் கோவையில் என்றும் நிற்கும். ஆணைக்குழு முறைப்பாட்டை மாதம் முடிவதற்குள் கொடுத்துக் காலத்தைக் காத்துக்கொள்ளுங்கள். மீள்பரிசீலனையை இந்த வாரமே அனுப்புங்கள். பரீட்சைக்கு முன் பதில் வராவிட்டால், மேலதிக நேரத்தை ஏற்று மகனை எழுத வையுங்கள். ஏற்கும்போது, "எழுத ஆள் வேண்டுமென்ற எனது கோரிக்கையைக் கைவிடவில்லை" என்று ஒரு வரிக் கடிதம் அதிபர் ஊடாகக் கொடுங்கள். கோபத்தில் பரீட்சையைப் புறக்கணிக்க வைத்தால் ஒரு வருடத்தை இழப்பவன் அவன்தான்.

கொடுப்பனவுப் படிவத்தைத் திருத்தி முத்திரை வாங்கும்வரை அவன் பெயரில் வேறு எந்த விண்ணப்பத்திலும் கையொப்பமிட வேண்டாம்.