மோட்டார் உறுமுகிறது, சுற்றவில்லை

"சுவிட்ச் போட்டால் ம்ம்ம் என்று உறுமுகிறது, சுற்றவே இல்லை. கெப்பாசிட்டர் மட்டும் மாற்றினால் போதுமா?"

முதலில், உறுமும்போது சில நொடிகளுக்கு மேல் விடாதீர்கள். சுற்றாத மோட்டார் பல மடங்கு மின்சாரம் இழுக்கும், காயில் கருகிவிடும்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஷாஃப்டைக் கையால் சுற்றிப் பாருங்கள். இறுக்கமாக இருந்தால் பேரிங்கோ, மோட்டாரோடு இணைந்த பாகமோ சிக்கியிருக்கிறது. கெப்பாசிட்டர் மாற்றிப் பயனில்லை. லேசாகச் சுற்றினால் கெப்பாசிட்டர் மேல்தான் முதல் சந்தேகம்.

அதைத் தொடும் முன் இரு முனைகளுக்கும் குறுக்கே ஒரு குண்டு பல்பை இணைத்து, மிச்ச மின்சாரத்தை இறக்கிவிடுங்கள். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்ய வேண்டாம். ஒரு வயரையாவது கழற்றிவிட்டு மீட்டரில் அளந்து பாருங்கள். கெப்பாசிட்டர் மேல் 100-120 மைக்ரோஃபாரட் என்று எழுதியிருந்து மீட்டர் 40 காட்டினால் அது செத்துவிட்டது. உப்பியிருந்தால் அளக்கவே தேவையில்லை. புதியது அதே மைக்ரோஃபாரடில், வோல்டேஜ் அதே அல்லது கூடுதலாக இருக்கட்டும்.

கெப்பாசிட்டர் நல்லதாக இருந்தால்? மோட்டார் ஓடிய நாட்களில் நிறுத்தியதும் வேகம் குறையும்போது 'டிக்' என்று கேட்டிருக்குமே, அது சென்ட்ரிஃப்யூகல் சுவிட்ச், மோட்டார் வேகம் பிடித்ததும் ஸ்டார்ட்டிங் காயிலைத் துண்டிப்பது. அதன் கான்டாக்ட் கருத்திருந்தாலும் இதே உறுமல்தான். அதுவும் சரியென்றால் ஸ்டார்ட்டிங் காயில் அறுந்திருக்கலாம். அப்புறம் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.