நாமக்கல் பி.வி.எஸ்சி. பட்டத்துடன் அமெரிக்காவில் கால்நடை மருத்துவம் பார்க்க

கேள்வி: நாமக்கல்லில் பி.வி.எஸ்சி. முடித்துத் தமிழ்நாடு கவுன்சிலில் பதிவும் செய்துவிட்டேன். அதை வைத்து அமெரிக்காவில் பிராக்டிஸ் பண்ணலாமா?

முடியாது. அந்தப் பதிவு 1984-ஆம் ஆண்டு இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டப்படி இந்தியாவுக்குள் மட்டுமே செல்லும். நம் கல்லூரிகளுக்கு அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கத்தின் அங்கீகாரம் இல்லாததால், பட்டம் அங்குள்ளதற்குச் சமம் என்று முதலில் நிரூபிக்க வேண்டும். பலரும் எடுப்பது ECFVG வழி, அதாவது வெளிநாட்டில் படித்தவர்களுக்காக அந்தச் சங்கம் நடத்தும் சமநிலைத் திட்டம். அதில் நான்கு படிகள்: பட்டச் சான்று, ஆங்கிலத் தேர்வு, கணினியில் BCSE என்ற பாட அறிவுத் தேர்வு, கடைசியாக CPE என்ற செய்முறைத் தேர்வு.

முதல் படியிலேயே நம் இனிஷியல் வம்பு பண்ணும். பட்டத்தில் 'க. செந்தில்', பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிவாக என்றிருந்தால், விண்ணப்பிக்கும் முன்பே ஒன்றாக்கிவிடுங்கள்.

உண்மையான சிரமம் CPE-யில்தான். மயக்க மருந்து, அறுவை, எக்ஸ்ரே, பிரேதப் பரிசோதனை, சிறு பிராணி, பண்ணை விலங்கு, குதிரை என ஏழு பிரிவுகள். காங்கேயம் மாட்டுக்குச் சினை பார்த்துப் பழகிய கைக்குப் பண்ணை விலங்குப் பிரிவு பயமில்லை. குதிரையும் நாயும் அப்படியல்ல. பெண் நாய்க்குக் கருத்தடை அறுவையில் தையலை மட்டும் பார்ப்பதில்லை. கையுறை போடும்போது கிருமிநீக்க ஒழுங்கு தவறினாலும் கணக்குதான். எனவே இன்டர்ன்ஷிப்பிலேயே நாய் அறுவைகளில் கை வைக்கக் கேளுங்கள், அப்புறம் நேரம் கிடைக்காது.

இதெல்லாம் முடிந்தாலும் கையில் வருவது சமநிலைச் சான்றிதழ் மட்டும். NAVLE என்ற வட அமெரிக்க உரிமத் தேர்வும் தேறி, வேலை செய்யப்போகும் மாநிலத்தின் போர்டிடம் உரிமம் வாங்க வேண்டும். டெக்சாஸ் உரிமம் கலிபோர்னியாவில் செல்லாது. அதனால் எந்த மாநிலம் என்று முதலில் முடிவு செய்து, அதன் விதிகளைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.