பனை மரமும் தமிழ்ப் பலகையும் இருந்தால் நம்ம ஊர் ரயில்தானா?

கேள்வி: ரயில் படத்தை வைத்து நாட்டைக் கண்டுபிடிப்பது எப்படி? பனை மரமும் தமிழில் ஊர்ப் பெயரும் தெரிந்தால் திருநெல்வேலிப் பக்கம் என்று சொல்லிவிடலாமா?

சொல்ல முடியாது. யாழ்ப்பாணத்திலும் பனைதான், தமிழ்ப் பலகைதான். எனக்குத் திருச்செந்தூர் லைன் பழக்கம் என்பதால் குரும்பூர்ப் பக்கம் எடுத்த படத்தையும் யாழ்ப்பாணப் படத்தையும் எப்படிப் பிரிப்பது என்றே சொல்கிறேன்.

இன்றைய படம் என்றால் தண்டவாள அகலம் உதவாது. இரண்டு இடத்திலும் 1676 மி.மீ. அகலப்பாதைதான். சிக்னலையும் நம்ப வேண்டாம். போருக்குப் பின் வடக்குப் பாதையைத் திரும்பப் போட்டு, விளக்கு சிக்னல் வைத்ததே இந்தியாவின் இர்கான் நிறுவனம். 2014-ல் யாழ்ப்பாணத்துக்கு ரயில் திரும்பியது. இலங்கை மலைப்பாதையில் எடுத்த படம் என்றால் கைகாட்டி மரம் துப்புக் கொடுக்கும், வடக்கில் அதை எதிர்பார்க்க முடியாது.

ஆகவே மேலே பாருங்கள். திருச்செந்தூர் லைனில் இப்போது மின்கம்பி ஓடுகிறது. இலங்கையில் மின்சார ரயில் பாதையே கிடையாது. வானம் வெட்டுப்பட்ட படமாக இருந்தாலும் கம்பங்களைத் தேடலாம். நம் ரயில்வேயில் இரண்டு கம்பங்களுக்கு நடுவே அதிகபட்சம் 72 மீட்டர்தான் விடுவார்கள். ஒரு பெட்டி சுமார் 22 மீட்டர். பக்கவாட்டில் நான்கு பெட்டி முழுசாகத் தெரிந்தும் ஒரு கம்பம்கூட இல்லை என்றால் அங்கே மின்கம்பி இல்லை. ரயிலுக்குப் பின்னால் கம்பம் மறைந்திருக்குமோ என்ற சந்தேகம் வேண்டாம், அதன் தலை பெட்டிக் கூரைக்கு மேலே நீட்டிக்கொண்டு நிற்கும்.

கம்பி இல்லை என்பதற்காக உடனே இலங்கை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. எங்கள் லைனிலும் சில வருடங்களுக்கு முன்புவரை டீசல்தான். அந்த இடைக்காலப் படங்களுக்குப் பெயர்ப் பலகைதான் வழி: தமிழோடு இந்தி இருந்தால் இங்கே, சிங்களம் இருந்தால் அங்கே.

இன்னும் பழைய படம் என்றால் அகலமே போதும். திருச்செந்தூர் லைன் 2008 வரை மீட்டர் கேஜ், யாழ்ப்பாணம் அப்போதும் அகலப்பாதை. நேர் எதிரே நின்று எடுத்த படத்தில் தண்டவாள இடைவெளி பெட்டி அகலத்தில் பாதி வந்தால் அகலப்பாதை. மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் கூட வந்தால் மீட்டர் கேஜ், அதாவது நம்ம பக்கம். ஆனால் இந்தக் கணக்கில் ஐரோப்பாவின் 1435 மி.மீ. பாதையும் கிட்டத்தட்டப் பாதி வரும். அதனால் மீட்டர் கேஜைப் பிரிக்க மட்டும் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், மீட்டர் கேஜுக்கு மேல் மின்கம்பியும் தென்பட்டால் இரண்டு ஊரையும் விட்டுவிட்டு முதலில் மலேசியாவை நினையுங்கள், ஈப்போ வழியாகப் போகும் பாதை அப்படித்தான். பழைய படம் என்றால் சென்னை கடற்கரை – தாம்பரம் புறநகர் ரயிலாகவும் இருக்கலாம்.