தூரம் சரி, திசை? – வாசகர் கேள்விகளுக்கு ஓர் இயற்பியல் வாத்தியாரின் பதில்கள்

தூரம், இடப்பெயர்ச்சி, வேகம், திசைவேகம் என்று எல்லாவற்றுக்கும் ரெண்டு ரெண்டு பேர் வைத்திருக்கிறார்கள். ஒன்று போதாதா?
– ஒன்பதாம் வகுப்பு மாணவி, ஆரணி

போதாது என்பதை எனக்குப் புரியவைத்தது காட்பாடியில் ஒரு டீக்கடை. சிகிச்சைக்காக வடக்கிலிருந்து வேலூர் வருகிறவர்கள் எவ்வளவு பேர் என்று உனக்குத் தெரியும். அப்படி வந்த ஒருவர், கையில் ஒரு ஃபைலோடு, லாட்ஜுக்கு வழி கேட்டார். நான் டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டே, "நேரா முந்நூறு மீட்டர், அப்புறம் பீச்சாங்கை பக்கம் திரும்பி நானூறு மீட்டர்" என்று, பாதி இந்தியும் பாதி சைகையுமாகச் சொன்னேன். அவரும் சரியாகத்தான் நடந்தார். போனது லாட்ஜுக்கு இல்லை, அவ்வளவுதான்.

நடந்தது இது. நான் வடக்கே பார்த்து நின்றிருந்தேன். என்னோடு பேசியவர் எனக்கு எதிரே, அதாவது தெற்கே பார்த்து நின்றார். எனக்கு 'நேரா' என்றால் வடக்கு, அவருக்கு தெற்கு. எனக்கு இடது மேற்கு. அவருக்கு இடது கிழக்கு. லாட்ஜ் இருந்தது 300 மீட்டர் வடக்கே, 400 மீட்டர் மேற்கே. அவர் போய் நின்றது 300 மீட்டர் தெற்கே, 400 மீட்டர் கிழக்கே.

ஒரு தாளில் டீக்கடையைப் புள்ளியாக வைத்து வரைந்து பார். கடையிலிருந்து லாட்ஜ் நேர்கோட்டில் 500 மீட்டர் (300, 400, 500 என்ற செங்கோண முக்கோணம்). அவர் நின்ற இடமும் கடையிலிருந்து அதே 500 மீட்டர், ஆனால் நேர் எதிர்ப்பக்கம். அப்படியானால் அவருக்கும் லாட்ஜுக்கும் நடுவே ஒரு கிலோமீட்டர். நான் சொன்ன 700 மீட்டரை ஒரு மீட்டர்கூடக் குறையாமல் நடந்த மனிதர், தேடிய இடத்திலிருந்து ஒரு கிலோமீட்டர் தள்ளி நிற்கிறார்.

அந்த 700 தான் தூரம். எண்ணும் அலகும் இருந்தால் போதும். இப்படிப்பட்டதை ஸ்கேலர் என்கிறோம். 'வடக்கே 300, மேற்கே 400' என்பது இடப்பெயர்ச்சி; திசையை எடுத்துவிட்டால் அதற்கு அர்த்தமே இல்லை. இது வெக்டர். வேகத்துக்கும் திசைவேகத்துக்கும் உள்ள வித்தியாசமும் இதேதான். அவர் மணிக்கு 4 கிலோமீட்டர் வேகத்தில் நடந்தார் என்பதை வைத்து, எப்போது நடந்து முடிப்பார் என்று சொல்லலாம். எங்கே போய் நிற்பார் என்று சொல்ல முடியாது.

நம் பக்கத்துக் கிராமத்துப் பெரியவர்கள் இந்த வம்பில் மாட்டுவதில்லை. 'கிழக்கால போ, அப்புறம் தெக்கால திரும்பு' என்றுதான் சொல்வார்கள். யார் எந்தப் பக்கம் பார்த்து நின்றாலும் கிழக்கு மாறாது. ஊருக்குப் புதிதாக வந்தவருக்குக் கிழக்கு தெரியாதே என்கிறாயா? அப்படியானால் அவருக்குப் பக்கத்தில் போய், அவர் நடக்கவேண்டிய பக்கமாகவே நீயும் திரும்பி நின்றுகொண்டு சொல். நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன், டீயைக் கீழே வைத்துவிட்டு.

வெக்டர்களை எந்த வரிசையில் கூட்டினாலும் விடை ஒன்றே என்று என் மகன் படிக்கிறான். ஆனால் வழி சொல்லும்போது வரிசையை மாற்றினால் ஆள் காணாமல் போகிறாரே?
– ஒரு தந்தை, குடியாத்தம்

நல்ல கேள்வி, வகுப்பில் யாரும் கேட்பதில்லை. மகன் படிப்பதும் சரி, நீங்கள் பார்த்ததும் சரி.

அதே லாட்ஜையே எடுத்துக்கொள்வோம். வடக்கே 300 போய் மேற்கே 400 போனாலும், மேற்கே 400 போய் வடக்கே 300 போனாலும் சேருமிடம் ஒன்றுதான். (நடுவில் கோட்டை அகழி மாதிரி ஏதாவது குறுக்கிட்டால் கணக்கு பொறுப்பல்ல.)

இப்போது வடக்கே பார்த்து நிற்பவரிடம் 'நேரா 300, இடது பக்கம் 400' என்பதை 'நேரா 400, இடது பக்கம் 300' என்று மாற்றிச் சொல்லுங்கள். அவர் வடக்கே 400, மேற்கே 300 போவார். லாட்ஜுக்குச் சுமார் 140 மீட்டர் தள்ளிப்போய் நிற்பார். ஏன்? நீங்கள் இடம் மாற்றியது எண்களை மட்டும்தான். திசைகள் பழைய இடத்திலேயே நின்றுவிட்டன. மேற்கு முதலில் வரவேண்டுமானால் 'இடது பக்கம் திரும்பி 400, அப்புறம் வலது பக்கம் 300' என்றல்லவா சொல்லியிருக்க வேண்டும்? இடது வலதாகிவிட்டதைக் கவனியுங்கள். 'இடது' என்பது ஒரு திசை இல்லை. அதுவரை பார்த்துக்கொண்டிருந்த திசையிலிருந்து கால் வட்டம் திரும்பச் சொல்லும் கட்டளை. அதனால்தான் முதல் திருப்பம் தப்பினால் பின்னால் வரும் எல்லாமே சேர்ந்து தப்புகிறது.

ஜவ்வாது மலையில் நடக்கப் போகிறோம். போனில் உள்ள திசைகாட்டி பத்து டிகிரி தப்பாகக் காட்டினால் பெரிய நஷ்டமா?
– நண்பர்கள் குழு, வேலூர்

தப்பான திசையிலேயே நேராக நடந்தால், ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 175 மீட்டர் விலகுவீர்கள். ஐந்து கிலோமீட்டருக்கு 870 மீட்டர். தூரம் கூடக்கூட விலகலும் அதே விகிதத்தில் கூடும். ஊருக்குள் 175 மீட்டர் என்றால் அடுத்த தெரு, கேட்டுக்கொண்டு போய்விடலாம். காட்டில் அது வேறு ஓடை, வேறு சரிவு. போனைக் காந்தம் வைத்த உறைக்குள் வைத்துக்கொண்டு திசை பார்க்காதீர்கள். அந்தக் காந்தமே திசையைத் தப்பாகக் காட்டவைத்துவிடும்.

கழித்தல் 5 டிகிரி வெப்பநிலை என்கிறோமே, அந்தக் கழித்தல் குறி திசையா?
– ஆற்காடு

இல்லை. அது நாம் பூஜ்யம் என்று வைத்த இடத்துக்குக் கீழே என்பதைத்தான் சொல்கிறது. வெப்பநிலை ஸ்கேலர்தான். வேலூர்க்காரர் அதைப் பற்றிக் கவலைப்படவும் வேண்டாம்.

மின்சாரம் கம்பியில் ஒரு திசையில்தானே ஓடுகிறது? அம்புக்குறிகூடப் போடுகிறோம். பிறகு ஏன் மின்னோட்டத்தை ஸ்கேலர் என்கிறார்கள்?
– எலக்ட்ரீஷியன், ராணிப்பேட்டை

அம்புக்குறி மட்டும் இருந்தால் வெக்டர் ஆகிவிடாது. கூட்டும் விதத்தைப் பாருங்கள். சேற்றில் சிக்கிய வண்டியை ஒருவர் வடக்கே 300 நியூட்டன் விசையோடும், இன்னொருவர் மேற்கே 400 நியூட்டனோடும் இழுக்கிறார்கள். வண்டிக்குக் கிடைப்பது 700 இல்லை, 500. அதுவும் இரண்டுக்கும் நடுவே ஒரு சாய்ந்த திசையில். நம் லாட்ஜ் கணக்கேதான்.

பேட்டரி மின்சாரம் வரும் ஒரு ஜங்ஷன் பாக்ஸில் ஒரு கம்பி வழியாக 3 ஆம்பியர், இன்னொன்று வழியாக 4 ஆம்பியர் வந்து சேர்ந்தால், மூன்றாவது கம்பியில் வெளியே போவது 7 ஆம்பியர். கம்பிகளைச் செங்கோணத்தில் வளைத்தாலும், பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலும் அதே 7. கம்பியை வளைத்ததற்காக உங்கள் கிளாம்ப் மீட்டர் 5 காட்டாது. அங்கே அம்புக்குறி சொல்வது, கம்பியின் எந்த முனையிலிருந்து எந்த முனைக்கு என்பதை மட்டும். கம்பிக்குள் ஒவ்வொரு புள்ளியிலும் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லும் அளவு வேறே இருக்கிறது: மின்னோட்ட அடர்த்தி. அது வெக்டர். வயரிங் வேலைக்கு அது தேவைப்படாது.