ஓய்வுக்கு முன் வீட்டுக்கடன் முடியுமா? வங்கி சொல்லும் வயதும் உங்கள் கடைசிச் சம்பள மாதமும்

கேள்வி: எனக்கு 46 வயது 4 மாதம். தனியார் நிறுவனத்தில் வேலை, 58 வயதில் ஓய்வு. கையில் வரும் சம்பளம் 95,000 ரூபாய், வேறு கடன் இல்லை. வீடு வாங்க 40 லட்சம் கடன் கேட்டிருக்கிறேன். ஒரு வங்கி 13 வருடத்துக்கு மேல் தர முடியாது என்கிறது. இன்னொரு வங்கி 20 வருடம் தருகிறது. இரண்டிலும் வட்டி 8.5%, மாறும் வட்டி. 20 வருடக் கடனில் தவணை குறைவு. மிச்சம் இருந்தால் ஓய்வு பெறும்போது பிஎஃப் பணத்தில் அடைத்துவிடலாம் என்று நினைக்கிறேன். வேலைக்குச் சேர்ந்திருக்கும் மகனையும் கடனில் சேர்க்கலாமா?

பதில்: இரண்டு வங்கிகளும் உங்கள் வயதை ஒரே விதமாகத்தான் கணக்கிடுகின்றன. கடைசித் தவணை கட்டும் நாளில் உங்களுக்கு என்ன வயது இருக்கலாம் என்பதில் மட்டும் மாறுபடுகின்றன. முதல் வங்கி, மாதச் சம்பளக்காரரின் கடன் 60 வயதுக்குள் முடிய வேண்டும் என்று வரம்பு வைத்திருப்பதாகத் தெரிகிறது. உங்களுக்கு 60 முடிய 13 வருடம் 8 மாதம் இருக்கிறது. முழு ஆண்டுக்கு இறக்கி 13 வருடம் சொல்லியிருக்கிறார்கள். இரண்டாவது வங்கியின் வரம்பு 70 ஆக இருக்கலாம். அப்படியானால் அதிகபட்சம் 23 வருடம் 8 மாதம் வரை போகலாம் என்பதால், அவர்களுக்கு 20 வருடம் தருவதில் சிக்கல் இல்லை.

இந்த 60, 70 எல்லாம் வங்கி தன் பணத்துக்காக வைத்துக்கொள்ளும் எல்லை. வீட்டுப் பத்திரம் அடமானமாக இருப்பதால், உங்கள் சம்பளம் நின்ற பிறகும் கடன் ஓடுவதை ஒரு வங்கி ஏற்கலாம், இன்னொன்று மறுக்கலாம். உங்கள் சம்பளம் எந்த மாதம் நிற்கும் என்பதை இரண்டுமே தீர்மானிப்பதில்லை. அது உங்கள் நிறுவனத்தின் பணி விதியில் இருக்கிறது. எனவே உங்களுக்கான வரம்பு 58. இன்றிலிருந்து 11 வருடம் 8 மாதம், அதாவது 140 தவணைகள். எந்த வங்கியின் திட்டத்தையும் இந்த 140-ஐ வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

20 வருடக் கடனில் மாதத் தவணை சுமார் 34,713 ரூபாய். 140 மாதம் ஒன்றுகூடத் தவறாமல் கட்டினால் மொத்தம் 48.6 லட்சம் கட்டியிருப்பீர்கள். அதற்குப் பிறகும் அசலில் 24.8 லட்சம் பாக்கி நிற்கும். பாதி ஆண்டுகளுக்கு மேல் கடந்தும் பாதிக் கடன்கூட அடையாததற்குக் காரணம், தொடக்கத் தவணைகளில் பெரும்பகுதி வட்டிக்கே போய்விடுவதுதான். முதல் மாத வட்டி மட்டும் 28,333 ரூபாய். 34,713-இல் அசலுக்குப் போவது 6,380 ரூபாய்தான்.

13 வருடக் கடனில் தவணை சுமார் 42,450 ரூபாய். இதுவும் உங்கள் 58-க்குள் முடிவதில்லை என்பதைக் கவனியுங்கள். ஓய்வு நாளில் 16 தவணைகள் மீதம் இருக்கும், அசல் பாக்கி சுமார் 6.4 லட்சம். வங்கியே வயதைப் பார்த்துக் காலத்தைக் குறைத்திருக்கிறது, அப்புறம் என்ன என்று பலரும் இந்த இடத்தில்தான் ஏமாந்துபோகிறார்கள். வங்கி 60-ஐப் பார்த்தது. உங்கள் நிறுவனம் 58-இல் அனுப்பிவிடும்.

சரியாக 140 மாதத்தில் முடிய வேண்டுமானால் மாதம் சுமார் 45,135 ரூபாய் கட்ட வேண்டும். எக்செல் அல்லது கூகுள் ஷீட்டில் நீங்களே சரிபார்க்கலாம். முதல் வரி தவணையைச் சொல்லும். இரண்டாவது வரி, 20 வருடத் தவணையைக் கட்டினால் ஓய்வு நாளில் நிற்கும் பாக்கியைச் சொல்லும்.

```
=PMT(8.5%/12,140,-4000000)
=FV(8.5%/12,140,34713,-4000000)
```

ஏற்கெனவே கடன் ஓடிக்கொண்டிருப்பவர்களுக்கும் இதே கணக்குதான். 8.5%-க்குப் பதில் தங்கள் வட்டியையும், கடன் தொகைக்குப் பதில் இன்றைய அசல் பாக்கியையும், 140-க்குப் பதில் தங்கள் ஓய்வுக்கு மீதமுள்ள மாதங்களையும், 34713-க்குப் பதில் தங்கள் தவணையையும் போட்டால் போதும்.

பிஎஃப் பணத்தில் அடைப்பது பற்றி. 24.8 லட்சத்தை எடுத்துக் கொடுத்தால் கடன் தீரும், ஆனால் அந்தப் பணம் தர வேண்டிய மாத வருமானமும் அதோடு போய்விடும். இபிஎஸ் ஓய்வூதியம் அந்த இடத்தை நிரப்பாது. 15,000 ரூபாய் சம்பள உச்சவரம்பில், 35 வருடப் பணிக்காலத்துக்குக் கணக்கிட்டாலும் அது மாதம் 7,500 ரூபாய்தான். ஆகவே பிஎஃப்-ஐக் கடன் திட்டத்துக்குள் கொண்டுவராதீர்கள்.

என் பரிந்துரை 13 வருடக் கடன்தான், கூடவே மாதம் 2,690 ரூபாய் கூடுதலாக அசலில் கட்ட வேண்டும். இரண்டும் சேர்ந்து அந்த 45,135 வந்துவிடும். 20 வருடக் கடனை எடுத்தும் இதே இலக்கை அடையலாம். ஆனால் அங்கே மாதம் 10,420 ரூபாயை, யாரும் கேட்காமலே, பன்னிரண்டு வருடம் நீங்களாகக் கட்ட வேண்டும். கல்லூரிக் கட்டணம், மருத்துவச் செலவு என்று வரும்போது முதலில் நிற்பது கட்டாயமில்லாத பணம்தான். ஆனால் உங்கள் வேலை 58 வரை நிலைக்குமா என்ற சந்தேகம் உண்மையிலேயே இருந்தால், 20 வருடக் கடனின் குறைந்த தவணை ஒரு பாதுகாப்பு. அப்போது அந்த 10,420 ரூபாய்க்குச் சம்பளக் கணக்கிலேயே தானியங்கி உத்தரவு போட்டுவிட வேண்டும்.

மாதம் 45,135 என்பது உங்கள் சம்பளத்தில் 47.5%. வீட்டுச் செலவுக்கு ஏறக்குறைய 50,000 ரூபாய்தான் மிஞ்சும். அது போதாது, 40,000-க்கு மேல் கட்ட முடியாது என்றால், ஆண்டுகளை நீட்டாதீர்கள், கடனைக் குறையுங்கள். 140 மாதத்தில் 40,000 ரூபாய்த் தவணை தாங்கும் கடன் சுமார் 35.4 லட்சம். மீதி 4.6 லட்சத்தைச் சேமிப்பிலிருந்து போடுவதா, விலை குறைந்த வீட்டைப் பார்ப்பதா என்று கையெழுத்துப் போடும் முன்பே முடிவெடுங்கள்.

அடுத்து, மாறும் வட்டி. வட்டி 1% ஏறி 9.5% ஆகிறது, தவணை மாறாமல் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 20 வருடக் கடன் 240 தவணையிலிருந்து 309 ஆக நீளும். அது முடியும்போது உங்களுக்கு 72 வயது. வங்கியின் வரம்பு 70 என்பதால் அவ்வளவு நீட்ட முடியாது. 70 வரை நீட்டிவிட்டு, மீதியைத் தவணையில் கொஞ்சம் ஏற்றுவார்கள். 13 வருடக் கடனிலோ 156 தவணை 174 ஆக வேண்டும். அது 60-ஐத் தாண்டும். எனவே அங்கே தவணை ஏறியே தீரும்: 60 வயது வரை முழுக்க நீட்டினாலும் சுமார் 43,640 ரூபாய், 13 வருடத்திலேயே முடிக்க 44,740 ரூபாய். கடன் வாங்குபவருக்கு முதலில் கசக்கும் இந்த வயது வரம்பு, வட்டி ஏறும் காலத்தில் கடன் கண்ணுக்குத் தெரியாமல் நீளுவதைத் தடுக்கிறது.

இப்படி நீளுவது பலருக்கும் தெரியாமலே நடந்ததால்தான், 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி ஓர் அறிவுறுத்தல் வெளியிட்டது. வட்டி மாறும்போது தவணையை உயர்த்துவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டையும் கலப்பதா என்று கடன்தாரர் தேர்வு செய்ய வாய்ப்பு தர வேண்டும். முன்கூட்டி ஒரு பகுதியையோ முழுவதையுமோ கட்டவும் விட வேண்டும். வங்கியிடமிருந்து அந்தச் செய்தி வரும்போது பதில் எழுதாமல் விட்டுவிடாதீர்கள். "காலம் மாறக் கூடாது, தவணையை உயர்த்துங்கள்" என்று எழுத்தில் கொடுங்கள். தனிநபரின் மாறும் வட்டி வீட்டுக்கடனில் முன்கூட்டிக் கட்டுவதற்கு அபராதக் கட்டணம் கிடையாது.

மகனைச் சேர்ப்பது காலத்தை நீட்ட உதவலாம். அவர் சம்பளமும் கணக்கில் வந்தால், சில வங்கிகள் இளையவரின் வயதை வைத்துக் காலத்தை நிர்ணயிக்கும். சில, மூத்தவரின் வயதைத்தான் பார்க்கும். வீட்டில் அவரும் பங்குதாரராக இருக்க வேண்டும் என்றும் கேட்கலாம். ஆனால் இணைக் கடன்தாரரின் பொறுப்பு பாதிக் கடனோடு நிற்பதில்லை. நீங்கள் கட்டாவிட்டால் முழுக் கடனும் அவர் தலையில். இந்தக் கடன் அவருடைய கடன் அறிக்கையிலும் ஏறும், நாளை அவர் தனக்கென்று வீட்டுக்கடன் கேட்கும்போது தகுதித் தொகை குறையும். உங்கள் கடன் 140 மாதத்தில் உங்கள் சம்பளத்திலேயே முடியும்படி அமைந்துவிட்டால் அவரைச் சேர்க்க வேண்டிய அவசியமில்லை. அவரும் அந்த வீட்டில் பங்கு எடுத்துக்கொண்டு தன் பங்குத் தவணையைக் கட்டப்போகிறார் என்றால் மட்டும் சேருங்கள்.

கையெழுத்துக்கு முன் வங்கியிடம் மூன்றைக் கேட்டு வாங்குங்கள். கடைசித் தவணைத் தேதி அச்சிட்ட தவணை அட்டவணை ஒன்று. வட்டி ஏறினால் எந்த வயது வரை நீட்டுவார்கள் என்பதற்கு எழுத்துப்பூர்வ பதில் ஒன்று. கட்டி முடியாத வீடாக இருந்தால், கட்டுமானக் காலத்தில் வட்டி மட்டும் கட்டும் மாதங்கள் 13 வருடத்துக்குள் அடங்குமா, அதற்கு வெளியேயா என்ற விளக்கம் ஒன்று. வெளியே என்றால், 18 மாதம் தாமதமாகும் வீடு உங்கள் 140 தவணையை 122 ஆகச் சுருக்கிவிடும்.

கூடுதல் பணம் கட்டும்போது, அது அசலில் கழிய வேண்டும், தவணைத் தொகை அப்படியே இருக்கக் காலம் குறைய வேண்டும் என்று குறிப்பிடுங்கள். சொல்லாவிட்டால் அடுத்த மாதத் தவணைக்கான முன்பணமாக வரவு வைத்துவிடவோ, காலத்தை விட்டுத் தவணையைக் குறைத்துவிடவோ வாய்ப்புண்டு. வங்கி காலாண்டுக்கு ஒருமுறை தர வேண்டிய அறிக்கையில் மீதமுள்ள தவணைகளின் எண்ணிக்கை இருக்கும். வருடத்துக்கு வருடம் ஒப்பிட்டால் அது பொதுவாகப் பன்னிரண்டுக்கு மேல் இறங்க வேண்டும். தொடர்ந்து பன்னிரண்டு மட்டுமே இறங்கிக்கொண்டிருந்தால், கூடுதல் பணம் அசலுக்குப் போகிறதா என்று வங்கியிடம் கேளுங்கள். பன்னிரண்டுக்கும் குறைவாக இறங்கியிருந்தால் வட்டி ஏறிக் காலம் நீண்டிருக்கிறது. அன்றைய வட்டியையும் பாக்கியையும் ஓய்வுக்கு மீதி மாதங்களையும் மேலே உள்ள PMT வரியில் போட்டால், 58-க்குள் முடிக்க இனி எவ்வளவு கட்ட வேண்டும் என்பது தெரிந்துவிடும்.