சந்தா லிஸ்டிங்: வாசகர் கேள்விகள்

கேள்வி: கை கழுவும் திரவத்தின் 900 மி.லி. ரீஃபில் பையைச் சந்தாவில் விற்கிறேன். இடைவெளி 'மாதம் ஒருமுறை'. பொருளைப் பற்றிப் புகார் இல்லை. ஆனால் நான்காவது பை போனதும் பலர் ரத்து செய்கிறார்கள். ஏன்?

அநேகமாக அவர்கள் வீட்டில் பை சேர்ந்துவிட்டது. இடைவெளியைக் காலண்டரைப் பார்த்து வைக்காமல், பொருள் தீரும் நாளைப் பார்த்து வைக்க வேண்டும். உங்கள் பாட்டிலின் பம்பை 20 முறை அழுத்தி ஓர் அளவுக் குவளையில் பிடியுங்கள். 30 மி.லி. வந்தால் ஒரு அழுத்துக்கு 1.5 மி.லி. ஒருவர் நாளைக்கு 6 முறை கை கழுவுகிறார் என்று வைத்துக்கொண்டால், இருவர் உள்ள வீட்டில் நாளைக்கு 18 மி.லி. செலவாகும். ஒரு பை 50 நாள் ஓடும். நீங்களோ 30 நாளுக்கு ஒன்று அனுப்புகிறீர்கள். நான்காவது பை 90-ஆம் நாளில் போய்ச் சேரும்போது அந்த வீட்டில் 1,980 மி.லி. இருக்கும், அதாவது இரண்டு பைக்கும் மேல். ரத்து செய்யாமல் என்ன செய்வார்கள்?

நால்வர் வீட்டில் கதை தலைகீழ். 25 நாளில் தீர்ந்துவிடும், மீதி 5 நாளுக்குக் கடையில் வேறு ஒன்றை வாங்குவார்கள். அது பிடித்துப்போனால் அவர்களும் போய்விடுவார்கள்.

அதனால் ஒரே இடைவெளியைத் திணிக்காமல் இப்படி எழுதுங்கள்:

"ஒரு பை 900 மி.லி. ஒருவர் நாளைக்கு 6 முறை பயன்படுத்தினால், இருவர் வீட்டில் சுமார் 7 வாரம், நால்வர் வீட்டில் சுமார் மூன்றரை வாரம் வரும். 3, 5, 7 வாரங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். கையில் மிச்சம் இருந்தால் அடுத்த டெலிவரியை மட்டும் தள்ளிவைக்கலாம்."

கடைசி வாக்கியத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். தள்ளிவைக்க வழி இருப்பது தெரியாதவர்தான் நேராக ரத்துக்குப் போகிறார்.

கேள்வி: 'மாதம் ஒருமுறை', '4 வாரத்துக்கு ஒருமுறை' இரண்டும் ஒன்றுதானே?

இல்லை. முதலாவது வருடத்துக்கு 12 டெலிவரி, இரண்டாவது 13. கார்டில் பதின்மூன்றாவது முறை பணம் போகும்போதுதான் வாடிக்கையாளர் கவனிப்பார், அப்புறம் விளக்கம் எடுபடாது. 'இருமாத டெலிவரி' என்பதும் வேண்டாம். மாதம் இரண்டா, இரண்டு மாதத்துக்கு ஒன்றா என்று குழம்புவார்கள். '60 நாளுக்கு ஒருமுறை' என்று நாள் எண்ணிக்கையாகவே போட்டுவிடுங்கள்.

கேள்வி: 'எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்யலாம்' என்று எழுதியிருக்கிறேன். போதாதா?

நானும் ஒருமுறை ஷேவிங் பிளேடு சந்தாவுக்கு இதையே எழுதிக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டேன். பெட்டி வருகிற நாள் 10, பணம் எடுக்கிற நாள் 7. எட்டாம் தேதி ரத்து செய்தவர்களுக்கும் பெட்டி போனது, ஏனென்றால் ஆர்டர் பேக்கிங்குக்குப் போயிருந்தது. அவர்கள் கோபம் நியாயம்தான். 'எப்போது வேண்டுமானாலும்' என்றால் அந்த நிமிடமே நிற்கும் என்றுதான் யாரும் படிப்பார்கள்.

கடைசி நேரத்தை உதாரணத் தேதியோடு சொல்லுங்கள்: "பணம் எடுப்பதற்கு 2 நாள் முன்பு மாலை 6 மணி வரை ரத்து செய்யலாம். உங்கள் பணம் 7-ஆம் தேதி எடுக்கப்படும் என்றால் 5-ஆம் தேதி மாலை 6 மணி. அதற்குப் பிறகு ரத்து செய்தால் அந்த ஒரு டெலிவரி வரும், அடுத்தது வராது." எங்கே போய் ரத்து செய்வது என்பதையும் அதே பத்தியில் சேருங்கள். குறைந்தது 3 டெலிவரி எடுத்தாக வேண்டும் என்ற நிபந்தனை இருந்தால், அதன் இடம் ரத்துப் பகுதி அல்ல, விலைக்குப் பக்கத்தில்.

கேள்வி: முதல் பெட்டிக்கு 40 சதவீதத் தள்ளுபடி, அப்புறம் 10 சதவீதம். எதைப் பெரிதாகப் போடுவது?

தொடர்ந்து கட்டப்போகும் விலையை முதலில் போடுங்கள், முதல் பெட்டிச் சலுகையை அதன் கீழே. வரிசை மாறினால் இரண்டாவது பில்லில் விலை ஏறிவிட்டதாகவே நினைப்பார்கள்.

கேள்வி: விலையை ஏற்றாமல் பையை 900-லிருந்து 750 மி.லி. ஆக்குகிறோம். அறிவிக்க வேண்டுமா?

கட்டாயம். ஒரு மி.லி. விலை 20 சதவீதம் ஏறுகிறது, அது விலையேற்றம்தான். தவிர, நால்வர் வீட்டில் 25 நாள் வந்த பை இனி 21 நாளுக்கும் குறைவாகத்தான் வரும், ஆகவே 3 வார இடைவெளியே கொஞ்சம் நீளம். பழைய சந்தாதாரருக்கு அடுத்த பணம் எடுப்பதற்கு முன்பே, ரத்து செய்ய நேரம் இருக்கும்போதே, புதிய அளவையும் அது எத்தனை நாள் வரும் என்பதையும் எழுதி அனுப்புங்கள். லிஸ்டிங்கில் உள்ள வாரக் கணக்கையும் அன்றைக்கே மாற்றிவிடுங்கள்.